‘ஏலே மக்கா’ என்று தொடங்கிய செய்தி

எனக்குக் கல்யாணம் ஆனது 2004-இல். அந்தக் கல்யாணத்தோடுதான் என் அப்பாவும் பெரியப்பாவும் பேசுவதை நிறுத்தினார்கள்.

காரணம் சின்னது. கொட்டாரம் என்கிற ஊருக்குப் பக்கம் எங்கள் வீடு. அங்கிருந்து நாலு கிலோமீட்டர் வயல்பாதையில் போனால் பெரியப்பா வீடு. ஊரில் எல்லார் வீட்டுக்கும் அப்பாவும் அம்மாவும் வெற்றிலை பாக்கோடு நேரில் போய் அழைத்தார்கள். கூடப் பிறந்த அண்ணனுக்கு அழைப்பு எதற்கு, அவரல்லவா நடத்தித் தர வேண்டும் என்று அப்பா நினைத்துக்கொண்டார். ஆனால் வெளியூர்க்காரர்களுக்குத் தபாலில் போன கட்டோடு பெரியப்பா பெயருக்கும் ஒரு அழைப்பிதழ் போய்விட்டது. யார் முகவரி எழுதியது என்று இன்றுவரை தெரியாது.

“ஊருக்கெல்லாம் நேர்ல போனவனுக்கு எனக்க வீட்டுக்கு மட்டும் வழி தெரியலையா?” என்று பெரியப்பா கேட்டதாகச் செய்தி வந்தது. கல்யாணத்துக்கு வந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்தார். தாலி கட்டியதும் என் தலையில் கைவைத்து ஆசீர்வதித்துவிட்டு, சாப்பிடாமல் போய்விட்டார். அப்பா அவர் பின்னால் வாசல்வரை ஓடினார். அதற்குள் அவர் பஸ் ஏறிவிட்டார்.

அதற்குப் பிறகு பதினோரு வருஷம். கோயிலில் பார்த்துக்கொண்டால் இருவரும் சாமியைப் பார்ப்பார்கள். இழவு வீடுகளில் ஒரே பெஞ்சின் இரண்டு ஓரங்களில் உட்காருவார்கள். நாங்கள் பிள்ளைகள் மட்டும் போக வர இருந்தோம். பெரியப்பா மகனை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவன் என்னை மக்கா என்பான். கத்தாரில் இருந்த என் தம்பி வாட்ஸாப்பில் குடும்பத்துக்கு ஒரு குரூப் ஆரம்பித்தபோது அதில் முதலில் சேர்ந்தது எங்கள் வயதுக்காரர்கள்தான். கேலி, சண்டை, குழந்தைகளின் படம், “ஏலே எங்க கெடக்க?” என்று விசாரிப்பு, அவ்வளவுதான் அந்தக் குரூப். அப்பாவும் அத்தையும் பின்னால் சேர்க்கப்பட்டார்கள். அவர்கள் எதுவும் எழுதுவதில்லை. அவர்கள் அதில் இருப்பதே எங்களுக்கு மறந்துவிட்டது.

2015-இல் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் இழுத்துக்கொண்டது, பேச்சு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். நான் லீவு போட்டுவிட்டு வந்து கூட இருந்தேன்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலையில் அவருக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். கரண்டியை இடது கையால் தள்ளினார். வாய் கோணி, எச்சில் வழிந்தது. முழு மூச்சையும் கூட்டி ஒரு சொல் சொன்னார். “அண்ணன்.”

“பெரியப்பாவை வரச் சொல்லவா அப்பா?”

கண்ணை மூடித் திறந்தார்.

இதை நான் எப்படிச் செய்திருக்க வேண்டும் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். ஆட்டோ பிடித்துப் போயிருக்க வேண்டும். முடியாவிட்டால் போனிலாவது கூப்பிட்டுப் பேசியிருக்க வேண்டும். எனக்குத் துணிச்சல் வரவில்லை. பெரியப்பா போனை வைத்துவிட்டால் அதை அப்பாவிடம் எந்த முகத்தோடு சொல்லுவது? தம்பியைக் கேட்டேன். “குரூப்ல போடு எக்கா. ஒரே நேரத்துல எல்லாருக்கும் போயிரும். பெரியப்பாவையும் போன வாரந்தான் அண்ணன் சேத்துவிட்டிருக்கான்” என்றான்.

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, எழுதினேன். எப்போதும் எழுதுகிற மாதிரியே எழுதினேன்.

“ஏலே மக்கா, அப்பாக்கு ரொம்ப முடியல. பாக்கணும்னு இருக்கவங்க சீக்கிரம் வந்துருங்க.”

நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பெற்றோர் கூட்டத்துக்குக் கடிதம் எழுதுவது என் பொறுப்பு. தாளாளருக்கு ஒரு விளி, தலைமையாசிரியருக்கு ஒரு விளி, பெற்றோருக்கு ஒரு விளி, யார் பெயர் யாருக்கு முன்னால் வரவேண்டும், எங்கே ‘தாங்கள்’ எங்கே ‘நீங்கள்’ என்று மற்றவர்களுக்குத் திருத்திக் கொடுப்பவள். என் அப்பாவின் அண்ணன் படிக்கப்போகிற செய்தியை ‘ஏலே’ என்று ஆரம்பித்தேன்.

பதில்கள் மடமடவென்று வந்தன. மத்தியானத்துக்குள் யார் யார் படித்தார்கள் என்று செய்தியை அழுத்திப் பார்த்தேன். பெரியப்பா படித்திருந்தார். அவரிடமிருந்து ஒரு வார்த்தையும் இல்லை.

மறுநாள் அண்ணன் தனியாக வந்தான். அவன் அறைக்குள் நுழைந்ததும் அப்பாவின் பார்வை அவனைத் தாண்டி வாசலுக்குப் போனது. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்ட பிறகும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அண்ணனை அடுக்களைக்குக் கூப்பிட்டேன். “பெரியப்பா வரலையா?”

“அப்பா ஒண்ணும் சொல்லல மக்கா. வெள்ளை வேட்டி கட்டிட்டு வெளிய உக்காந்திருக்காவ. வாறியளான்னு கேட்டேன். நீ போன்னு சொல்லிட்டாவ.”

வேட்டி கட்டி உட்கார்ந்திருக்கிறவருக்கு ஒரு சொல்தான் குறை என்று அப்போது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. பிடிவாதம் என்று கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்திலேயே இரண்டு நாள் கழிந்தது. மூன்றாம் நாள் காலை பத்தரை மணிக்கு அப்பா போய்விட்டார்.

அம்மா அழுது ஓய்ந்த ஒரு இடைவெளியில், தலையைத் தூக்காமலே சொன்னாள். “எல்லாருக்கும் சொல்லு. பெரியப்பாவுக்கு முதல்ல சொல்லு.”

போனை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். பெரியப்பாவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. திரும்பவும் கூப்பிட்டேன். பிறகு குரூப்பைத் திறந்து எழுத உட்கார்ந்தேன். இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லையும் யோசித்து வைத்தேன்.

“பெரியப்பா, பெரியம்மை, அத்தை, மாமா, அண்ணன்மார், மைனிமார், தம்பி தங்கச்சிமார் எல்லாருக்கும். அப்பா இன்று காலை பத்தரை மணிக்கு நம்மை விட்டுப் போய்விட்டார்கள். தம்பி வந்ததும் நாளை மூன்று மணிக்கு எடுக்கிறோம். எல்லாரும் வரவேண்டும். பெரியப்பா முன்னால் நின்று எல்லாவற்றையும் நடத்தித் தரவேண்டும்.”

என் வயதுக்காரர்களுக்கும் ‘வரவேண்டும்’ என்றுதான் எழுதினேன். ‘வந்துரு’ என்று எழுதினால் மூத்தவர்களுக்குக் குறை. மரியாதையாக எழுதினால் இளையவர்கள் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. இவ்வளவுதான் விஷயம். மூன்று நாள் முன்னால் இதை யோசிக்க எனக்கு ஒரு நிமிஷம் கூட ஆகியிருக்காது.

அரை மணி நேரத்தில் பெரியப்பா வந்தார். எழுபத்தைந்து வயதுக்காரர், ஆட்டோவுக்குக் காத்திருக்காமல் அந்த நாலு கிலோமீட்டரில் பாதியை நடந்தே வந்திருக்கிறார். இடையில் யாரோ பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார்கள். செருப்பில் சேறு. நேரே உள்ளே போய் அப்பாவின் தலைமாட்டில் நின்றார். அழவில்லை. என்னைப் பார்த்தார்.

“கூப்பிட்டியே, வந்துட்டேன் மக்கா. இப்பம் நான் யாரைப் பாக்க வந்தேன்?”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “அன்னைக்கே எழுதினேனே பெரியப்பா.”

“பாத்தேன். ‘ஏலே மக்கா’ன்னு போட்டிருந்த. பிள்ளைக தங்களுக்குள்ள எழுதிக்கிடுததுன்னு நெனச்சேன். சரி, அதையும் விட்டேன். ‘பாக்கணும்னு இருக்கவங்க’ன்னு எழுதியிருந்தியே. நான் பாக்கணும்னுதான் பதினோரு வருசமா இருக்கேன். அவனுக்கு என்னைப் பாக்கணும்னு இருக்கான்னு அதுல ஒரு வார்த்தை இல்லையே. அவன் கேட்காம நான் வந்து நின்னு, அவன் முகத்தைத் திருப்பிட்டான்னா?”

சொல்லலாமா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. சொன்னால் அவரால் தாங்க முடியுமா? சொல்லாவிட்டால் அப்பா கடைசியாகச் சொன்னது என்னோடு போய்விடும்.

“அப்பா உங்களைத்தான் கேட்டாவ பெரியப்பா.”

“என்னன்னு கேட்டான்? பேச்சு போயிட்டுன்னாவளே?”

“‘அண்ணன்’னு. அது ஒண்ணுதான் வந்தது.”

அவர் அப்பாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. அப்பாவின் காதருகே குனிந்து, “எனக்குத் தெரியலடே... எனக்குத் தெரியாம போச்சுடே...” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள்.

மறுநாள் தம்பி வந்து சேர்ந்தான். அப்பாவைக் குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணீர் எடுக்கப் போனதிலிருந்து சுடுகாடுவரை பெரியப்பாதான் முன்னால் நின்றார். பதினாறாம் நாள்வரை தினமும் வந்தார். யாருக்கு எங்கே இலை போட வேண்டும் என்பதையெல்லாம் அவரே பார்த்தார். எல்லாம் முடிந்த வாரத்தில் ஒருநாள் குரூப்பில் அவர் எண் வெளியேறியதாக ஒரு வரி வந்தது. பதறிப்போய் அன்று சாயங்காலமே நேரில் போனேன்.

“கோவம் இல்ல மக்கா,” என்றார். “அதைத் திறந்தா அவன் படம் நிக்குது. பாத்துக்கிட்டு இருக்க முடியல.”

அதற்குமேல் அவரை யாரும் சேர்க்கவில்லை. தீபாவளியோ, பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிவோ, எதுவானாலும் அவருக்கு நான் நேரில் போய்ச் சொன்னேன். போகும்போதெல்லாம் அப்பாவின் சின்ன வயதுக் கதை ஒன்றைச் சொல்லுவார். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். இதனால் என் தப்பு குறைந்தது என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

இரண்டு வருஷம் கழித்து பெரியப்பாவும் போனார். தூக்கத்திலேயே போய்விட்டார், யாரையும் கூப்பிட நேரம் இருக்கவில்லை. நானும் அம்மாவும் அங்கே போய்ச் சேர்ந்தபோது அண்ணன் போனைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றிருந்தான்.

“குரூப்ல எழுதணும். எனக்கு வரல. நீ எழுது மக்கா” என்று போனை என்னிடம் தந்தான்.

அவன் பெயரில் போகிற செய்தி. முறையெல்லாம் அவன் பக்கத்திலிருந்து பார்த்து எழுத வேண்டும். என் பெரியப்பா அவனுக்கு அப்பா. என் அம்மா அவனுக்குச் சித்தி. அப்பாவோடு பிறந்தவர்களில் மிஞ்சியிருப்பது அத்தை ஒருத்திதான். ஆகவே இனி எந்தச் செய்தியும் அவளிலிருந்துதான் தொடங்க வேண்டும். “அத்தை, மாமா, சித்தி” என்று எழுதினேன். அந்த வரிசையில் சித்திக்கு முன்னால் ‘சித்தப்பா’ என்று வந்திருக்க வேண்டும். விரல் அங்கே கொஞ்ச நேரம் நின்றது.

அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள். “என்னைய சித்தின்னு போட்டிருக்க?”

“அண்ணன் எழுதுத மாதிரியில்லா அம்மா.”

அவள் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். திரும்பப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தாள்.

“யாரும் விட்டுப் போகலல்லா?”

“இல்லம்மா.”

“அப்பம் அனுப்பு” என்றாள்.