எங்கள் கடையிலும் வாங்காதீர்கள்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். காரைக்காலில் பெயிண்ட், குழாய்ச் சாமான் கடை போட்டு முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது. வந்த ஆளை வெறுங்கையோடு அனுப்பியதே இல்லை. என் பெருமையை நானே எழுதினால் ஒரு புத்தகம் பத்தாது. ஆனால் இது என் மருமகள் ஷிஃபாவைப் பற்றியது.

தருமபுரத்துப் பெண். என் மகன் அஜ்மீர் துபாய்க்குப் போன பிறகு கடையில் வந்து உட்கார்ந்தாள். எதிரே ஒரு பெரிய கடை திறந்து எங்கள் வியாபாரம் பாதியானபோது, போனில் வீடியோ எடுத்துப் போட ஆரம்பித்தாள். முதல் நாலு வீடியோவிலும் நான்தான் பேசினேன்: "நம்ம கடைக்கு வாங்க, விலை குறைவு." சொந்தக்காரர்கள் மட்டும் பார்த்தார்கள்.

"மாமா, விக்கிறதப் பேசாதீங்க. வேலையச் சொல்லிக் குடுப்போம்."

ஐந்தாவதில் உப்பு பூத்த சுவரைக் காட்டினாள். இந்தக் கடலோரத்தில் அது இல்லாத வீடு ஏது? காய்ந்த பிரஷால் உப்பைத் தேய்த்து எடுத்தாள். பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டினாள். ஒரு நாள் கழித்துத் தாளின் உள்பக்கம் வேர்த்திருந்தது. "சுவருக்குள்ள ஈரம் இருக்கு. காயுற வரைக்கும் பெயிண்ட் வாங்காதீங்க. எங்க கடையிலயும் வாங்காதீங்க."

"கடையப் பூட்டிட்டு வீட்ல உக்காந்துக்கலாமா?" என்றேன்.

"பூட்டுறதுக்கு முன்னாடி ஒரு மாசம் பாருங்க மாமா."

இரண்டு வாரத்தில் மண்டபத்தூர் இளையபெருமாள் வந்தார். ஷிஃபா சாப்பிடப் போயிருந்தாள்.

"பாய், மக கல்யாணம் வருது. வீடியோவுல சொன்ன மாதிரி தாள் ஒட்டுனேன். உள்ள சொட்டுச் சொட்டா நிக்கிது."

என் கை அதற்குள் இருபது லிட்டர் பெயிண்ட் வாளிமேல் இருந்தது. "அதெல்லாம் பாக்காதீங்க. ஒரு பிரைமர் அடிச்சா அமுங்கிடும்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "வீடியோவுல ஒண்ணு, கடையில ஒண்ணா? அதுக்கு எதுத்த கடைக்கே போறேன். அங்க விலையாச்சும் கம்மி."

படியிறங்கியவர் எதிரே ஷிஃபா வந்துவிட்டாள். விஷயத்தைக் கேட்டாள்.

"நில்லுங்கண்ணே. மாமா சொன்னது தப்பு. ஈரத்துமேல எத அடிச்சாலும் உரிஞ்சிரும். அந்தச் சொவத்துக்குப் பின்னாடி பாத்ரூமா?"

"ஆமாம்மா."

வாடிக்கையாளர் முன்னால் நான் சொன்னது தப்பு என்று முப்பத்தெட்டு வருஷத்தில் ஒருவரும் சொன்னதில்லை. வாயைத் திறந்தேன். அவர் திரும்பிப் படியேறிக்கொண்டிருந்தார். மூடிக்கொண்டேன்.

மறுநாள் நாங்கள் மண்டபத்தூர் போய் அந்தச் சுவரைக் கொத்திப் பார்த்தால், குழாய் இணைப்பில் கசிவு. அன்று நாங்கள் விற்றது குழாய் வளைவுக்கு ஒரு எல்போ, அதில் சுற்ற ஒரு சுருள் டேப். ஷிஃபா அதையும் படம் பிடித்தாள்.

ஐந்து வாரம் கழித்து, மறுபடி ஒட்டிய தாள் காய்ந்தே இருந்தது என்று சொல்லிக்கொண்டு இளையபெருமாள் வந்தார். கூடவே வீடு கட்டும் இரண்டு பேர்.

"மருமவ இருக்காங்களா பாய்?"

"சாப்பிடப் போயிருக்கு. உக்காருங்க, வந்துரும்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். வாளியைத் தொடவில்லை.

அந்தக் குழாய் வீடியோவில் எல்போவை முடுக்கும் கை என்னுடையது. வேண்டுமானால் போட்டுப் பாருங்கள்.