மூன்றாவது வரியில் ஒரு கோடு

அந்த வருடம் கண்டாவளைப் பக்கத்துக் குடியேற்றம் ஒன்றில் செங்கண்மாரி என்னும் மஞ்சட்காமாலை பரவியது. வன்னியில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனை அறையில் நானும் நிறத்தை அளக்கும் ஒரு கலறிமீற்றரும் மட்டும்தான். ஊரே மஞ்சளாகி வந்து வாசலில் நின்றது. எனக்கு அப்போது கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. நோயாளியின் முகத்தைப் பார்க்காமலே நோயைச் சொல்வேன் என்று நினைத்துக்கொண்டு திரிந்த காலம்.

ஈரல் பரிசோதனைக் கடுதாசியில் மூன்று வரிகள் இருந்தன. முதலாவது பிலிரூபின், மஞ்சள் எவ்வளவு என்று சொல்லும். இரண்டாவது எஸ்.ஜி.பி.ரி. ஈரற் கலங்கள் சிதைந்தால் அவற்றுக்குள் இருக்கும் இந்த நொதியம் இரத்தத்தில் கொட்டும். நாற்பதுக்குள் இருக்கவேண்டியது ஆயிரத்தைத் தாண்டும். மூன்றாவது அல்கலைன் பொஸ்பற்றேஸ். பித்தக் குழாய் அடைபட்டால் இதுதான் ஏறும். பதின்மூன்றுக்குள் இருப்பது முப்பதைத் தாண்டினால் அடைப்பைத் தேடவேண்டும். சிதைந்த ஈரலுக்கு ஓய்வு போதும், கத்தி வைத்தால் ஆபத்து. அடைபட்ட குழாய்க்குக் கத்திதான் வைத்தியம்.

மூன்றாவது வரியைச் சோதிக்க வேண்டிய தூள் போத்தலின் அடிக்கு வந்திருந்தது. கொழும்புக்கு எழுதினால் வர மாதக்கணக்காகும். அந்தக் குடியேற்றத்து ஆட்களுக்கு முதல் இரண்டு வரியும் போதும் என்று நானாகவே முடிவெடுத்தேன். எல்லோருக்கும் ஒரே நோய்தானே. மூன்றாவது வரியில் ஒரு கோடு இழுத்து அனுப்பினேன். டொக்டரும் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த வரிசையில்தான் அந்த அம்மா வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், நெல் விதைக்கும் குடும்பம். புருஷன் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். மற்றவர்களுக்கெல்லாம் எஸ்.ஜி.பி.ரி. எழுநூறு, ஆயிரம் என்று நிற்க, அவருக்குத் தொண்ணூற்றைந்துதான். மூன்று கிழமையாக மஞ்சள் என்று சொன்னதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. நோய் ஆறும்போது மஞ்சள் நிற்க, நொதியம் முந்தி இறங்குவது வழக்கம். டொக்டரும் அப்படித்தான் வாசித்தார். நான் ஓடிப்போய்ப் புருஷனிடம் சொன்னேன்.

“இறங்கீட்டுது அண்ணை. இனிப் பயமில்லை.”

அதைச் சொன்னபோது எனக்கிருந்த சந்தோஷத்தை என்னால் இப்போதும் பொறுக்க முடியவில்லை. அவர்கள் வீட்டுக்குப் போய்க் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் குடித்துப் பத்தியம் இருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் ஒவ்வொருவராக எழும்பி வயலுக்குப் போனார்கள். இவர் மட்டும் எழும்பவில்லை.

மூன்று கிழமை கழித்துத் திரும்ப வந்தபோது இரத்தம் எடுக்க அவர் கையைப் பிடித்தேன். தோள்வரைக்கும் நகக்கீறல்.

“உடம்பெல்லாம் கடிக்குது தம்பி. நித்திரையே இல்லை,” என்றார்.

மலம் என்ன நிறம் என்று கேட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டு, வெள்ளைக் களிமண் மாதிரி என்றார். முதல் நாளே கேட்டிருக்கவேண்டிய கேள்வி. பித்தம் குடலுக்கு இறங்காவிட்டால்தான் அந்த நிறம். போத்தலைச் சுரண்டி மூன்றாவது வரியைச் செய்தேன். அறுபத்துநான்கு. நம்பாமல் மறுபடியும் செய்தேன். அதே அறுபத்துநான்கு. எஸ்.ஜி.பி.ரி. அப்போதும் நூறைத் தாண்டவில்லை. அது இறங்கவே இல்லை, ஒருநாளும் பெரிதாக ஏறவும் இல்லை. ஆறிய ஈரல் என்று நாங்கள் வாசித்தது அடைபட்ட குழாயை.

டொக்டர் இரத்தம் உறைவதற்கு வைற்றமின் கே ஊசி போட்டு அன்றைக்கே யாழ்ப்பாணத்துச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்பினார். போகும் வழியிலேயே குளிர்காய்ச்சல் பிடித்துவிட்டது. அடைபட்ட பித்தத்தில் கிருமி ஏறியிருந்தது. வயிற்றைத் திறந்தபோது குழாயில் இருந்தது ஒரு சின்னக் கல் என்று டொக்டருக்குக் கடிதம் வந்தது. எடுத்துவிட்டார்கள். நான்காம் நாள் அந்த அம்மா இறந்துபோனார். நான் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். செய்வதற்கு ஒன்றுமே இருக்கவில்லை, அடுத்த ஆளின் இரத்தத்தைச் சோதிப்பதைத் தவிர.

செத்தவீட்டு எட்டுச் செலவு முடிந்து ஒரு மாதத்தில் புருஷன் வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன், சண்டை பிடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் கதிரையில் இருந்து, சேர்ட் பையிலிருந்து இரண்டு கடுதாசியையும் எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். படிக்கத் தெரிந்த மனிதர். விரலால் வரி வரியாகப் போனார்.

“இதில அறுபத்துநாலு எண்டு கிடக்கு,” என்றார். பிறகு முதல் கடுதாசியைத் தொட்டார். “இதில ஏன் தம்பி கோடு?”

தூள் முடிந்துபோயிருந்தது என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். இல்லாத சாமானுக்கு ஆர் என்ன செய்யிறது என்று எனக்கே ஆறுதல் சொன்னார். கடுதாசிகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

அந்த முதல் நாள் போத்தலில் ஆறு பேருக்குப் போதுமான தூள் இருந்தது.