மெட்டில்டாவின் பிரெஞ்சுப் பாவங்கள்

மெட்டில்டா பிரெஞ்சு பேசினால் இந்துமாக் கடலில் போகிற கப்பலெல்லாம் நங்கூரம் போட்டு நின்று கேட்கும். சரி, கொஞ்சம் கூட்டிவிட்டேன். ஒரு கப்பல், அதுவும் உப்பு ஏற்ற வந்து ஏற்கெனவே நின்றிருந்த கப்பல்.

எழுபத்தாறாம் வருஷம் அவள் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் டைப்பிஸ்ட். கன்னியர் மடத்துச் சிஸ்டர் கொடுத்த, பிரெஞ்சு கற்பிக்கும் இசைத்தட்டு அவளுக்கு மனப்பாடம். மனப்பாடமானதைப் புரிந்ததாக எண்ணிப் பல வருஷம் அங்கேயே நின்றுவிட்டாள். ஒரு கேப்டன் வந்து, வேலை ஏன் நின்றது என்று படபடவென்று கேட்டபோது, “இன்று வானிலை நன்றாக இருக்கிறது” என்றாள்.

மேனேஜர் சுந்தரராஜ் சொல்லிவிட்டார்: “அடுத்த பிரெஞ்சுக் கப்பலையும் நீ சமாளிக்கலன்னா, பாண்டிச்சேரிலேருந்து ஆள் கூப்பிட்டுருவேன்மா.”

இசைத்தட்டைக் கட்டிப் பரணில் போட்டாள். சிற்றலை ரேடியோவில் செய்தி, நாடகம், கால்பந்து வர்ணனை என்று மாற்றி மாற்றிக் கேட்டாள். முதலில் சாரத்தைப் பிடிப்பாள், பிடிபடாத இடத்துக்கு மட்டும் காதைத் தீட்டுவாள். துறைமுகத்தில் மார்செய் சமையல்காரன், மடகாஸ்கர் மாலுமி என்று வாய்க்கு வாய் வேறுபட்ட பேச்சையும் விடவில்லை.

காது தேறியது, வாய் தேறவில்லை. நடந்ததைக் கோவையாகச் சொல்ல வராது. சனிக்கிழமைதோறும் கோயிலுக்குப் பாவசங்கீர்த்தனம், அதாவது பாவ அறிக்கை, கேட்க வரும் பிரெஞ்சுச் சாமியாரிடம், “கொஞ்சம் பேசலாமா?” என்றாள். “சனிக்கிழமை பாவிகளுக்கு மட்டும்தான்” என்றார்.

சரி, பாவியாகிவிட்டாள்.

என்ன செய்தாய், எப்போது, ஏன் என்று அவர் துருவுவார். கேப்டன்கள் கேட்பதும் அதைத்தானே. சிக்கிய இடத்தை அவர் திருத்துவார். பரிகாரமாக அதே பாவத்தை முதலிலிருந்து தடுமாறாமல் சொல்லவேண்டும். கையிருப்புப் பாவம் சீக்கிரம் தீர்ந்தது. மேனேஜரைக் குடையால் அடித்தாள், பக்கத்து வீட்டு அமலோற்பவத்தின் கோழியைத் திருடினாள், எல்லாம் பிரெஞ்சில். பொய் சொன்னதையும் அடுத்த வாரம் ஒரு பாவமாகச் சேர்த்துக்கொண்டாள்.

வரிசையில் முழங்கால் வலியோடு நின்ற அமலோற்பவம் கேட்டாள்: “ஏளா, நாங்கல்லாம் ஒரு நிமிசத்துல முடிச்சிட்டு வாரோம். ஒனக்கு மட்டும் எங்கனருந்துளா இம்புட்டுப் பாவம்?”

“ஒன் பங்கையும் சேத்துதான் சொல்லுதேன். சும்மா நில்லு.”

உப்பு ஏற்ற அடுத்த பிரெஞ்சுக் கப்பல் வந்தது. சரக்கேற்றம் பாதியில் நிற்க, கேப்டன் கொதித்துக்கொண்டு அலுவலகத்துக்குள் நுழைந்தார். மெட்டில்டா எழுந்தாள். காலையில் மழை வந்தது, தோணியிலிருந்த உப்பு நனைந்தது, ஆட்கள் தார்ப்பாய் போட்டார்கள், அதற்குள் கிரேன் பழுதானது: வரிசையாகச் சொன்னாள். அவர் குறுக்கே கேட்டதற்கும் பதில் சொன்னாள். சொல்லி முடித்ததும் பழக்கம் விடவில்லை. கைகூப்பி, “இவற்றுக்காக மனமார வருந்துகிறேன், இனி ஒருபோதும் செய்யமாட்டேன்” என்றாள்.

கேப்டன் தொப்பியைக் கழற்றினார். மழைக்காக மன்னிப்புக் கேட்ட ஏஜென்சியை அவர் எந்தத் துறைமுகத்திலும் கண்டதில்லையாம். கோபம் இறங்கி, காபி கேட்டார். பாண்டிச்சேரி ஆளை யாரும் கூப்பிடவில்லை.

இதை எழுதும்போது பக்கத்திலிருந்து வாசித்த மெட்டில்டா ஒரு திருத்தம் சொல்கிறாள்:

“குடையால அடிச்சதுதான்ளா பொய். கோழி நெசம்.”