நாலு கட்டம் போட்ட சீட்டு

மொத்த வியாபாரிக்கு நம்ம கடைக்காரர் ஒரு காலத்தில் பன்னிரண்டாயிரம் ரூபாய் பாக்கி வைத்திருந்தார். போனில் அந்த ஆள் சரக்குப் பெயர்களை மழை மாதிரி கொட்டுவார், இவர் “சரிண்ணே, அனுப்புங்கண்ணே” என்பார். சரக்கு வந்த பிறகுதான் விலையும் கெடுவும் தெரியும். மூன்றாவது வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்ட மனிதர் அந்தப் பாக்கியை ஒற்றை ஆளாய் அடைத்தார். அன்றோடு சிகரெட் அட்டையின் பின்பக்கம் நாலு கட்டம் போடக் கற்றுக்கொண்டார்: சரக்கு, எத்தனை, விலை, எத்தனை நாள் கடன். பட்டம் வாங்கியவனுக்கும் வராத புத்தி அது.

ஒருநாள் மொத்த வியாபாரியிடமிருந்து போன் வந்தது.

“சர்க்கரை ரெண்டு மூட்டை போட்டுக்கோ. எண்ணெய் மூணு டின். சோப்பு ஒரு பெட்டி. சரியா?”

“ஓடாதீங்கண்ணே. சர்க்கரை ரெண்டு மூட்டை. மூட்டை என்ன விலை?”

“ரெண்டாயிரத்து நூத்தம்பது. ஏழு நாள்தான். மில்லுல எனக்கே கடன் கிடையாது.”

“எண்ணெய்?”

“டின் ஆயிரத்துத் தொள்ளாயிரம். பதினஞ்சு நாள் எடுத்துக்கோ. சோப்பு ஆயிரத்து எண்பது, அதுவும் பதினஞ்சு.”

எழுதி முடித்துவிட்டு, ஒவ்வொரு வரியாகத் திரும்பப் படித்தார். அந்தப் பக்கம் “ம்” சொன்ன பிறகே டிக் போட்டார். மில்லைப் பற்றிச் சொன்னதையும் ஓரத்தில் குறித்தார்.

“பேசுறீங்களா, பாடம் ஒப்பிக்கிறீங்களா?” என்றாள் மனைவி, பருப்பு நிறுத்துக்கொண்டே.

“ஒப்பிச்சாத்தான் கடையில விளக்கு எரியும்.”

எட்டாம் நாள் காலை மொத்த வியாபாரியின் வசூல்காரர் வந்து நின்றார். பில்லில் மொத்தம் பதினோராயிரத்து இருநூறு, கெடு ஏழு நாள். “முழுசா கொடுக்கலைன்னா நாளைக்கு வண்டி வராது” என்றார். கல்லாவில் இருந்தது ஐயாயிரத்துக்கும் குறைவு. வண்டி வராவிட்டால் அலமாரி காலி, எதிர்க்கடைக்காரனுக்குக் கொண்டாட்டம்.

கடைக்காரர் அட்டையை எடுத்துப் பில்லோடு வரிக்கு வரி வைத்துப் பார்த்தார். எண்ணெய் டின்னுக்கு நாற்பது கூடியிருந்தது. கெடுவோ மூன்றுக்கும் ஒன்றே. உடனே மொத்த வியாபாரிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

“அண்ணே, சர்க்கரைக்கு மட்டும் ஏழு நாள், மில்லுல எனக்கே கடன் கிடையாதுன்னு சொன்னீங்களே. எண்ணெய் ஆயிரத்துத் தொள்ளாயிரம், சோப்பும் எண்ணெயும் பதினஞ்சு நாள். ஒவ்வொண்ணுக்கும் ‘ம்’ போட்டீங்க.”

ஸ்பீக்கரில் மொத்த வியாபாரியின் குரல் வந்தது. “மில்லு விஷயத்தையுமா எழுதி வச்சிருக்க? தொல்லை பிடிச்ச ஆளுய்யா நீ. பில்லு போட்ட கிளார்க்குக்கு எல்லாத்துக்கும் ஒரே தேதி போடுற வியாதி. எண்ணெயைத் திருத்திக்கிறேன். சர்க்கரைப் பணத்தைக் கொடு, வண்டி வரும்.”

வசூல்காரர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பில்லில் விலையையும் கெடுவையும் திருத்தினார். பிறகு கையை நீட்டினார். அந்த விரித்த உள்ளங்கையில் ஒவ்வொரு நோட்டாய், “ஒண்ணு, ரெண்டு” என்று உரக்கச் சொல்லி, நாலாயிரத்து முந்நூறை எண்ணி வைத்தார் நம்ம ஆள்.