எழுத விடாத பென் டிரைவ்

ஆயுத பூஜை லீவு முடிந்து கம்பெனி திறந்த அன்று காலையிலேயே என் கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தது. புது டிசைனை பென் டிரைவில் ஏற்றப் போனால், இந்த டிஸ்க் ரைட் புரொடெக்டட் என்று ஒரு கட்டம் வந்து நின்றது. அதாவது, உள்ளே இருப்பதைப் படித்துக்கொள், புதிதாக எதையும் எழுதாதே என்று அர்த்தம். யார் பாதுகாக்கச் சொன்னது? நான் கேட்டேனா? கட்டத்தை மூடினேன், மறுபடி வந்தது. பத்துத் தடவை அழுத்தினால் பயந்துகொண்டு எழுதிவிடும் என்பது என் நம்பிக்கை. அன்று அது பலிக்கவில்லை.

நான் மண்ணரைப் பகுதியில் ஒரு எம்பிராய்டரி கம்பெனியில் டிசைன் போடுகிறவள். ஊசி எங்கே இறங்க வேண்டும், எங்கே நூல் மாற வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டரில் போட்டு, பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தால், அதை மெஷினில் சொருகி ஆபரேட்டர் ஓட்டுவார். எங்கள் மெஷின் பழசு. நிறைய ஜிபி உள்ள பென் டிரைவ் எதைச் சொருகினாலும் கண்டுகொள்ளாது. மெஷினோடு வந்த சின்ன அளவு பென் டிரைவை மட்டும்தான் அதற்குத் தெரியும். அதனால் அதைத் தொலையவிடாமல் எலாஸ்டிக் நாடாவில் கட்டி மெஷின் கம்பியிலேயே தொங்கவிட்டிருப்போம். பூஜை அன்று கத்தரிக்கோலுக்கும் அயர்ன் பாக்ஸுக்கும் வைத்த மாதிரியே அதற்கும் சந்தனம் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள்.

அன்றைக்குத்தான் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் முதன்முதலாகத் தனியாக மெஷின் ஓட்ட வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. வந்த நாளிலிருந்து நூல் பிசிறு வெட்டுகிற டேபிளில் உட்கார்ந்திருந்தவள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தையெல்லாம் மெஷின் பக்கத்தில் நின்றே கழித்து வேலை பழகினாள். குழந்தைச் சட்டை நெஞ்சில் வைக்கிற வாத்து, அதுதான் சாம்பிள். "இதை ஒழுங்கா ஓட்டிக் குடுத்துட்டீன்னா மெஷின் உன்னுதும்மா. இல்லீன்னா பழையபடி டேபிளுக்கே போயிரு" என்று முதலாளி எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். அவள் அன்று தலைக்குப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

எழுத மாட்டேன் என்கிறது என்று நான் சொன்னதும் பிசிறு டேபிளிலிருந்து ஒரு குரல், "காலைல ஈரத்துணி வெச்சு அதைத் தொடச்சுக்கிட்டு இருந்தாளே" என்றது. அவ்வளவுதான். முதலாளி வந்து பென் டிரைவைக் காதோரம் ஆட்டிப் பார்த்தார். தேங்காயா அது, தண்ணீர் இருந்தால் சத்தம் கேட்க?

"தண்ணி உள்ள போயிருச்சுங்க. போச்சு" என்றார்.

"சந்தனம் அப்பிக் கெடந்துச்சு அண்ணாச்சி, அப்படியே சொருகுனா மெஷினுக்குள்ள போயிருமேன்னுதான் தொடச்சேன்" என்றாள் அவள். குரல் அப்போதே பாதி உடைந்திருந்தது.

"ஏனுங்ணா, இருங்க, பாக்கலாம். கெட்டுப் போச்சுன்னு யாரு சொன்னா?" என்று நான் குறுக்கே புகுந்தேன். சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் ஒன்றும் புரியவில்லை. பழைய டிசைன்கள் எல்லாம் திறந்தன. ஒன்றை அழித்துப் பார்த்தேன், அழிக்கவும் விடவில்லை.

பென் டிரைவைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் பக்கவாட்டில் ஒரு சின்னப் பள்ளம் தெரிந்தது. சந்தனம் காய்ந்து பாதி அடைத்திருந்தது. ஊசியால் சுரண்டினால், அடடா, உள்ளே நகம் பட்டால் நகர்கிற மாதிரி ஒரு குட்டி சுவிட்ச்! இத்தனை வருஷம் கையில் வைத்திருந்த பொருளுக்கு இப்படி ஒரு சுவிட்ச் இருப்பதே எங்களில் யாருக்கும் தெரியாது. சில பழைய பென் டிரைவ்களில் இப்படிப் பூட்டு இருக்கும் என்று எப்போதோ கேள்விப்பட்டது நினைவு வந்தது. இவள் அழுத்தித் துடைத்ததில் நகர்ந்திருக்கும் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அதை மறுபக்கம் தள்ளி, மறுபடி சொருகினேன். அதே கட்டம். அதே பாதுகாப்பு. சந்தோஷம் போன இடம் தெரியவில்லை.

சரி, சுவிட்ச் காரணமில்லை என்று முடிவு செய்தேன். எந்தப் பக்கம் பூட்டு, எந்தப் பக்கம் திறப்பு என்று காட்டுகிற படமும் தேய்ந்து போயிருந்தது. எதற்கு வம்பு என்று அது முதலில் இருந்த இடத்துக்கே தள்ளி வைத்தேன்.

அடுத்து, கோளாறு எங்கள் கம்ப்யூட்டரிலா என்று பார்க்க வேண்டும். தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோய் அங்கே சொருகினேன். அங்கேயும் ரைட் புரொடெக்டட். இரண்டு கம்ப்யூட்டரிலும் ஒரே பதில் வந்தால் தப்பு பென் டிரைவ் மேல்தானே? சுவிட்சும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. மிச்சம் என்ன? அவள் துடைத்த ஈரம்தான்.

முதலாளி சர்வீஸ்காரரை வரவழைத்திருந்தார். அவர் எங்கள் கம்ப்யூட்டரில் கருப்புத் திரையைத் திறந்து, பூட்டை எடு என்று ஏதோ கட்டளை தட்டினார். எடுத்தாச்சு என்று அது பதில் சொன்னது. ஆனால் எழுதப் போனால் பழைய குருடிதான்.

"சிப்பு போச்சுங்க. பென் டிரைவ் சாகப் போறப்ப இப்பிடித்தான் ஆகும். எழுத விடாம தன்னைத்தானே பூட்டிக்கும், படிக்க மட்டும் விடும். உள்ள இருக்கறத மொதல்ல வேற எடத்துல எடுத்து வெச்சுக்கோங்க. சில பென் டிரைவ்ல நாம அழிச்ச மாதிரியே காட்டும், கழட்டி மாட்டுனா எல்லாம் திரும்ப வந்து உக்காந்திருக்கும்" என்றார்.

"இதுல அழிக்கவே விடலீங்களே?"

"அப்பிடியும் ஆகும், இப்பிடியும் ஆகும்ங்க."

இது என்ன பதில்? ஜோசியக்காரர் கூட இதைவிடத் தெளிவாகச் சொல்வார். ஆனால் அவர் சொன்னது பொய் என்று மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. பழைய டிசைன்களை எல்லாம் கம்ப்யூட்டரில் எடுத்து வைத்தேன். அவள் முதலாளி முன்னால் போய் நின்றாள். "என் தப்புதான் அண்ணாச்சி. ஈரத்துணிய வச்சுத் தொடச்சிருக்கக் கூடாது. மன்னிச்சிருங்க" என்றாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அவள் பிசிறு டேபிளுக்குப் போய்க் கத்தரியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் முதலாளி எங்கேயோ தேடிப் பிடித்து அதே சின்ன அளவில் ஒரு பென் டிரைவ் வாங்கி வந்தார். உறை பிரிக்காதது. தண்ணீர் படவில்லை, சந்தனம் படவில்லை, அவள் கையும் படவில்லை. சொருகி, வாத்தை ஏற்றப் போனேன்.

ரைட் புரொடெக்டட்.

"அட எழவே!" என்று நான் கத்தியதில் பிசிறு டேபிளே நிமிர்ந்து பார்த்தது. இதில் சுவிட்ச் இருக்கிறதா என்று நாலு பக்கமும் தடவினேன், இல்லை. தூக்கிக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன். அங்கே வெண்ணெயாக எழுதியது. அப்படியென்றால் கோளாறு எங்கள் கம்ப்யூட்டரில். சரி. அப்படியென்றால் பழையது இந்தக் கடையில் ஏன் எழுதவில்லை? பையிலிருந்து அதை எடுத்துச் சொருகினேன். இப்போதும் எழுதவில்லை. கம்ப்யூட்டர் மேல் தப்பு என்றால் பழையது இங்கே எழுத வேண்டும். பென் டிரைவ் மேல் தப்பு என்றால் புதியது அங்கே எழுத வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. எனக்குத் தலை கிறுகிறுத்தது. கடைக்காரர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்கக்கா மொதல்ல" என்றார்.

உட்கார்ந்து நேற்று செய்ததை வாய்விட்டே சொல்லிப் பார்த்தேன். சுவிட்சைத் தள்ளினேன், எங்கள் கம்ப்யூட்டரில் பார்த்தேன். சுவிட்சைத் திரும்பப் பழைய இடத்துக்குத் தள்ளினேன், அதற்குப் பிறகுதானே இங்கே கொண்டு வந்தேன்? ஒரு வீட்டுக்கு இரண்டு பூட்டு போட்டிருந்தால், ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டு, அதைப் பூட்டிவிட்டு, அடுத்ததைத் திறந்தால் கதவு எப்படித் திறக்கும்? இரண்டையும் சேர்த்து ஒரு தடவை கூட நான் திறக்கவில்லை.

சுவிட்சைத் தள்ளினேன். கடைக் கம்ப்யூட்டரில் சொருகினேன். கடைக்காரரின் ஏதோ ஒரு ஃபைலைப் போட்டேன். ஏறியது! பழைய டிசைன் ஒன்றை அழித்தேன், அழிந்தது. சர்வீஸ்காரர் சொன்னது நினைவு வர, கழற்றி மறுபடி சொருகினேன். அழித்தது அழித்தபடியே இருந்தது, ஏற்றியதும் அங்கேயே இருந்தது. சாகப் போகிற சிப்பு இப்படி நடந்துகொள்ளாது. தண்ணீரும் போகவில்லை, ஒரு மண்ணும் போகவில்லை.

முதலாளியிடம் போய், "பென் டிரைவுக்கு ஒண்ணுமில்லீங்ணா. அதோட சுவிட்ச் தனியா பூட்டியிருந்துச்சு, நம்ம கம்ப்யூட்டர்ல யாரோ தனியா பூட்டி வெச்சிருக்காங்க. எந்த பென் டிரைவ் போட்டாலும் எழுத விடாது" என்றேன்.

அவருக்கு அப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. "பூஜைக்கு முந்தி ஆர்டர் குடுக்கறவங்க ஆடிட்டுக்கு ரெடி பண்ணித் தர ஒருத்தர் வந்தாருல்லீங்க, டிசைன் வெளிய போகக் கூடாதுன்னு கம்ப்யூட்டர்ல என்னமோ செட்டிங் மாத்துனாரு. அதுவா இருக்குமுங்களா?"

இருக்குமுங்களாவா! எனக்கு வந்த கோபத்துக்கு நல்லவேளை கையில் ஒன்றும் இல்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு பெண் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டபோதும் அவருக்கு அது ஞாபகம் வரவில்லை. சர்வீஸ்காரர் மறுபடி வந்து, விண்டோஸுக்குள் அந்த ஆள் மாற்றி வைத்திருந்த செட்டிங்கைக் கண்டுபிடித்து எடுத்தார். பழைய பென் டிரைவைக் கழற்றிச் சொருகினோம், வாத்து ஏறிவிட்டது. "ரெண்டும் ஒண்ணா வந்தா நாங்க என்னங்க பண்றது" என்று என்னிடமே நியாயம் கேட்டுவிட்டுப் போனார்.

"செரி விடுங்க. அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு ஓட்டச் சொல்லுங்க" என்றார் முதலாளி. அதோடு அவருக்கு விஷயம் முடிந்துவிட்டது.

நான் பிசிறு டேபிளுக்குப் போய் நடந்ததை எல்லாம் சொன்னேன். அவள் கத்தரியைக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"அப்ப தண்ணி போகவே இல்லையாக்கா?"

"இல்ல கண்ணு. நீ தொடச்சப்ப சுவிட்ச் நகந்திருக்கலாம், அவ்வளவுதான். திருப்பித் தள்ளுனா முடிஞ்சுது. நீ எதையும் கெடுக்கல."

"நான் கெடுத்துட்டேன்னு நேத்து வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லிட்டேனேக்கா. நானே நம்பிட்டேன்" என்றாள்.

அவள் எழுந்தாள். மெஷினுக்குப் போவாள் என்றுதான் நினைத்தேன். நேராக முதலாளியின் மேஜைக்குப் போனாள். அவர் போனில் இருந்தார். முடிக்கும் வரை நின்றாள்.

"அண்ணாச்சி, நேத்து உங்ககிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டேன்லா."

"அதுக்கென்னம்மா இப்ப? போய் ஓட்டு."

"அத நான் திரும்ப எடுத்துக்கிடுதேன்" என்றாள்.

முதலாளி என்னைப் பார்த்தார். பிறகு, "செரீம்மா, எடுத்துக்கோ" என்றார். அவள் போய் மெஷினைப் போட்டாள்.