காலியாகத் திரும்பும் வண்டிக்கும் வாடகை

பள்ளியில் ஓவிய ஆசிரியை வேலையை விட்டபோது எனக்கு மாதச் சம்பளம் இருபத்தெட்டாயிரம். அதை நூற்று அறுபது மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு நூற்று எழுபத்தைந்து ரூபாய் வந்தது. பெரிய மனசோடு இருநூறு என்று வைத்துக்கொண்டு தனியாக வேலை செய்ய ஆரம்பித்தேன். செண்பகனூரில் எங்கள் வீட்டு முன்னறைதான் அலுவலகம். கொடைக்கானலில் இருக்கும் தங்கும் விடுதிகளுக்குப் பெயர்ப்பலகை, உணவுப் பட்டியல், வழிகாட்டிப் படம், சுவரில் மாட்டும் பூக்களின் ஓவியம் எல்லாம் வரைந்து கொடுத்தேன்.

முதல் வருடம் முழுக்க ஓயாமல் வேலை இருந்த மாதிரிதான் தோன்றியது. ஆனால் வருட முடிவில் வங்கிக் கணக்கைப் பார்த்தபோது பள்ளியில் வாங்கியதில் பாதிகூட வந்திருக்கவில்லை. நான்தான் சோம்பேறியோ என்று நினைத்தேன். மூன்று மாதம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அரைமணிக்கு ஒருமுறை என்ன செய்தேன் என்று எழுதி வைத்தேன். காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் மாலை ஐந்து வரை வேலைதான். ஆனால் அதில் யாராவது பணம் கொடுக்கிற வேலை சராசரியாக நான்கு மணி நேரம்தான். மீதி நேரம் விலை கேட்டு வந்தவர்களுக்குப் பதில் எழுதியதிலும், வத்தலக்குண்டுக்குப் போய் அச்சுக்காரரிடம் காகிதம் பார்த்ததிலும், வர வேண்டிய பணத்துக்கு ஃபோன் அடித்ததிலும் போயிருந்தது.

என் கணவர் சுற்றுலா வண்டி ஓட்டுகிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"கொடைரோடு ஸ்டேஷன்ல ஆளை எறக்கி விட்டுட்டுக் காலியா மேல வர்றேன். அந்த டீசலுக்கு யாரு காசு தருவா? அதுக்கும் சேத்துத்தான் நான் வாடகை சொல்றேன். நீ மட்டும் ஏன் ஒருவழிக்கு மட்டும் வாங்குற?"

எனக்குச் சுரீர் என்றது. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்க, அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டோம். வீட்டுக்கு என் பங்கு வருடத்துக்கு மூன்று லட்சத்து அறுபதாயிரம். கணினி, மென்பொருள் சந்தா, இணையம், வண்ணம், போக்குவரத்து எல்லாம் சேர்த்துத் தொண்ணூறாயிரம். பள்ளி பிடித்து வைத்த சேமநிதிக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் பதிலாக ஐம்பத்து நாலாயிரம். ஆக ஐந்து லட்சத்து நாலாயிரம். இனி எத்தனை நாள் வேலை? மழையும் மூடுபனியுமாக யாரும் மேலே வராத, வேலையும் வராத எட்டு வாரங்களைக் கழித்தோம். திருவிழாவுக்கும் காய்ச்சலுக்கும் இரண்டு வாரம். மிச்சம் நாற்பத்திரண்டு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு நான்கு மணி. எண்ணூற்று நாற்பது மணி நேரம். வகுத்தால் மணிக்குச் சரியாக அறுநூறு வந்தது. அதோடு, நிறுவனங்கள் வருமான வரிக்காக முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும் பத்து சதவீத டிடிஎஸ் போகவும் கையில் அறுநூறு நிற்க வேண்டும். பிடித்ததில் அதிகமானது ரிட்டர்ன் தாக்கல் செய்தால் திரும்ப வரும். ஆனால் அதுவரை அரிசிக்கடைக்கு அதைக் காட்ட முடியாது. எழுநூறு என்று முடிவு செய்தோம்.

இருநூறு எங்கே, எழுநூறு எங்கே! எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. இத்தனை நாள் வேலை செய்ததற்கு நானே பாதிக்கு மேல் கைக்காசைக் கொடுத்திருக்கிறேன்.

இரண்டு வாரத்தில் அந்த எண்ணைச் சோதித்துப் பார்க்க ஒரு வாய்ப்பு வந்தது. ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டிய ஒரு விடுதியின் மேலாளர் கூப்பிட்டார். விடுதியை ஒட்டிய சோலைக்காட்டுப் பாதையில் பதினாறு பலகைகள் வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு செடி, தமிழிலும் ஆங்கிலத்திலும் குறிப்பு. காட்டுப்பூவரசும் மரப்பெரணியும் குறிஞ்சியும் வரையப்போகிறேன் என்றதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் முதலில் வரையத்தான் கை துடித்தது. ஆனால் நோட்டைத்தான் எடுத்தேன். பலகைக்கு ஏழு மணி நேரம் என்று நூற்றுப் பன்னிரண்டு. பாதையில் நடந்து பார்த்துக் குறிப்பெடுக்க இருபத்து நாலு. இரண்டு சுற்றுத் திருத்தத்துக்குப் பதினாறு. பேச்சுவார்த்தைக்கு எட்டு. நூற்று அறுபது மணி, எழுநூறு வீதம் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். எதிர்பாராததற்குப் பதினைந்து சதவீதம் சேர்த்து, முழு வேலைக்கும் ஒரு லட்சத்து முப்பதாயிரம் என்று எழுதினேன்.

மேலாளர் தாளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"மேடம், நீங்க அவர்கிட்ட மணிக்கு இருநூறுதான் வாங்கினீங்கன்னு பக்கத்து ஹோம்ஸ்டேக்காரர் சொன்னாரே."

அது போன வருட விலை, அந்த விலையில் நான் தொடர்ந்து நஷ்டப்பட்டேன் என்று சொன்னேன். அவர் பட்ஜெட் ஒரு லட்சம்தான் என்றார். பழைய நான் அந்த இடத்திலேயே சரி என்று தலையாட்டியிருப்பேன். அன்று விலையைக் குறைக்கவில்லை, வேலையைக் குறைத்தேன். பன்னிரண்டு பலகை என்றால் ஒரு லட்சத்து மூவாயிரம் ஆகும், மீதி நாலு பலகையை அடுத்த வருடம் வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

"அப்ப மணிக் கணக்குலயே போட்டுக்கலாமா?"

"என்ன செய்யணும்னு தெளிவா இருக்கு சார். மணிக் கணக்குன்னா நான் மெதுவா வரைஞ்சா உங்களுக்கு நஷ்டம், வெரசா வரைஞ்சா எனக்கு நஷ்டம். இப்படி மொத்தமா பேசிட்டா எவ்வளவு ஆகும்னு உங்களுக்கு இன்னைக்கே தெரிஞ்சு போயிரும்."

அவர் முதலாளியிடம் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். திரும்பி வரும் பேருந்தில் கெடுத்துவிட்டேனோ என்ற பயம் ஒரு பக்கம். முதல் முறையாக நேராகப் பேசிவிட்ட குதூகலம் இன்னொரு பக்கம். மூன்றாம் நாள் ஃபோன் வந்தது. பதினாறும் வேண்டுமாம், விலை சரியாம், நாற்பது சதவீதம் முன்பணமாம். நான் முன்னறையில் குதித்த குதியில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. ஐம்பத்திரண்டாயிரத்தில் டிடிஎஸ் ஐயாயிரத்து இருநூறு போக, நாற்பத்தாறாயிரத்து எண்ணூறு கணக்கில் ஏறிய குறுஞ்செய்தியை என் கணவரிடம் மூன்று முறை காட்டினேன்.

பிடித்தது என் பான் எண்ணில் பதிவாகியிருக்கிறதா என்பதை மட்டும் பிற்பாடு தவறாமல் பார்த்துக்கொண்டேன்.

வேலை ஆரம்பித்த பிறகு ஒரு புது உண்மை தெரிந்தது. ஆறேழு செடிகளை வரைந்ததும் கை பழகிவிட்டது. பெரணியின் இலையை முதலில் ஒரு நாள் முழுக்க வரைந்தேன். பிறகு அரை நாளே போதுமாயிற்று. மொத்தம் நூற்று முப்பத்தொரு மணி நேரத்தில் முடித்தேன். மணிக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய்! வேகமாக வேலை செய்ததற்காக யாரும் என்னைத் தண்டிக்கவில்லை.

இரண்டு சுற்றுத் திருத்தம் முடிந்த பின்னும் மேலாளர், சின்ன வேலைதான், அறைகளில் வைக்கத் துண்டுப் பிரசுரமும் வேண்டும், எழுத்தைப் பெரிதாக்க வேண்டும், பிறகு இன்னும் ஏதாவது வரும் என்றார். எவ்வளவு என்று அவருக்கே தெரியவில்லை. இந்த மாதிரி எல்லை தெரியாத வேலைக்கு மணிக் கணக்குதான், மணிக்கு எழுநூறு, எத்தனை மணி நேரம் ஆனது என்ற குறிப்பை வாரம் ஒருமுறை அனுப்புவேன் என்று எழுதினேன். மறுப்பே சொல்லாமல் ஒப்புக்கொண்டார்.

அந்த ஐப்பசியில் மழை கொட்டியது. மலைப்பாதையில் மண் சரிந்து ஐந்து வாரம் ஒரு வேலையும் வரவில்லை. கணவரின் வண்டியும் வாசலிலேயே நின்றது. போன வருடம் இதே நாட்களில் நான் கைக்குக் கிடைத்த விலையில் எதை வேண்டுமானாலும் செய்து கொடுத்தேன். இந்த முறை ஒருவர் ஃபோனில் மணிக்கு இருநூற்றைம்பதுக்குக் கேட்டார். முடியாதுங்க என்று பணிவாகச் சொல்லி ஃபோனை வைத்தேன்.

பிறகு ஜன்னலோரம் மேசையை இழுத்துப் போட்டு, யாரும் கேட்காத ஒரு பாசிப் படத்தை வரையத் தொடங்கினேன்.