சும்மா போன டார்ச் லைட்டுகள்

காட்டூர் மாசிலாமணியைத் திருடன் என்று சொன்னவர்கள் எல்லோரும் இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். எனக்கு ஆறாதது அதுதான். பழவேற்காடு கடைத்தெருவில் அவர் கணக்கெழுதிய கடைக்கு எதிரில் நான் டீக்கடை வைத்திருந்தேன். எல்லாம் என் கண்ணெதிரில் நடந்தது.

கடை அப்துல் ஹை பாயுடையது. வலைக்கயிறு, லாந்தர், டார்ச் லைட் விற்பார். டார்ச் லைட் பம்பாயிலிருந்து நேரே வரும். அதனால் தமிழ்நாட்டில் முதலில் விற்பவர் அவர்தான், அந்தக் காலச் சட்டப்படி விற்பனை வரி கட்டுவதும் அவர்தான். மாசிலாமணி இதில் ரொம்பக் கறார். காசு வாங்காமல் கொடுத்தாலும் பில் போடுவார். கம்பெனி அனுப்பிய சாம்பிள் என்றால் 'விற்பனைக்கல்ல' என்று எழுதி இருப்பில் கழிப்பார். பாய் யாருக்காவது அன்பளிப்புக் கொடுத்தால் அது கடைச் செலவில் ஏறும். கெட்டுப்போனதை மாற்றித் தந்தால், பழையதை வாங்கிப் பழுதுக் கணக்கில் வைத்து, முதலில் விற்ற பில் நம்பரைக் குறித்துக்கொண்டு, விலை பூஜ்யம் என்று பில் எழுதிப் புதியதைக் கொடுப்பார். முதல் விற்பனையிலேயே வரி கட்டியாகிவிட்டது, இரண்டாவதற்கு வரியில்லை. "சொம்மா குடுக்கறதுக்கு இன்னாத்துக்கு சார் பில்லு?" என்று நான் கிண்டல் செய்தால் முறைப்பார்.

எண்பத்து மூன்றோ நாலோ, அந்த மழைக்காலத்தில் வந்த டார்ச் லைட் அத்தனையும் சொத்தை. உப்புத்தண்ணீர் பட்டதும் சுவிட்ச் செத்துவிடும். பாய் வைத்தியத்துக்காக மெட்ராஸில் படுத்திருந்தார். மாசிலாமணிதான் கம்பெனிக்கு எழுதி, பதிலுக்குப் புதியவற்றை இலவசமாக வரவழைத்து வரவு வைத்தார். பார்சல் வந்த நேரம் பார்த்துக் கோட்டைக்குப்பத்து மீனவர்கள் தொழிலுக்குப் புறப்பட்டு நின்றார்கள். இருட்டில் விளக்கில்லாமல் எப்படிப் போவார்கள்? மனுஷன் முதல் முறையாகக் கறாரை விட்டார். அவர்கள் முன்பு வாங்கியிருந்த பழையதைக் கோணியில் போட்டுக்கொண்டு, புதியதைக் கையில் கொடுத்தார். இருப்புப் புத்தகத்தில் ஒரே வரி: 'கோட்டைக்குப்பம், சும்மா.' துருவேறிய கோணியைப் பிறகு பழைய இரும்புக்காரனிடம் தள்ளிவிட்டார்.

அடுத்த வருஷம் வரி அதிகாரி வந்தார்.

"சும்மான்னா என்ன? சாம்பிளா, அன்பளிப்பா, மாத்திக் கொடுத்ததா?"

"மாத்திக் கொடுத்தது சார்."

"பழைய பொருள் எங்கே? எந்த பில்லுக்கு எதிரா கொடுத்தீங்க?"

கோணி பழைய இரும்புக்குப் போய்விட்டது, பில் நம்பர் குறிக்கவில்லை என்று மாசிலாமணி ஒப்புக்கொண்டார். அதிகாரி ஒன்றும் கொடுமைக்காரர் அல்ல. "வாங்கினவங்க வந்து சொல்லட்டும், ஏத்துக்கறேன். இல்லேன்னா பில் போடாத விற்பனைதான்" என்றார்.

கணக்கப்பிள்ளை சும்மா கொடுத்ததற்காக மாட்டிக்கொண்டார் என்று குப்பத்தில் சேதி பரவியது. டார்ச் லைட் வாங்கியவர்களில் மூத்தவரான பொன்னுரங்கம் ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்தார். ஏழெட்டுப் பேர், எல்லோரும் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்கள்.

"டார்ச் லைட்டை இலவசமா வாங்கினீங்களா?" என்றார் அதிகாரி.

பொன்னுரங்கம் நெஞ்சை நிமிர்த்தினார். "நாங்க யாராண்டயும் சொம்மா வாங்க மாட்டோம் சார். துட்டு குடுத்துதான் வாங்கினோம். எங்க கணக்கப்புள்ள மொதலாளி சரக்க வாரிக் குடுக்கற ஆளு இல்ல."

"பொன்னுரங்கம், நீங்க துட்டு குடுத்தது பழசுக்குத்தானே? புதுசுக்கு..." என்று மாசிலாமணி குறுக்கிட்டார்.

"நீங்க சொல்லிக் கொடுக்காதீங்க" என்று அதிகாரி அடக்கினார்.

"எல்லாத்துக்கும்தான் சார்" என்றார் பொன்னுரங்கம். மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். வரிசையாகக் கைநாட்டு வைத்தார்கள்.

வரியும் அபராதமும் விழுந்தன. பாய் அதைக்கூடப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் நினைத்தது வேறு.

"கம்பெனி சும்மா அனுப்பினத நீ துட்டாக்கிட்ட, மாசிலாமணி. நான் சாகக் கெடந்த நேரத்துல."

"இல்ல பாய். புள்ளைங்க மேல சத்தியமா இல்ல."

"வாங்கினவன் சொல்றான், நீ இல்லன்றியா? போலீசுக்குப் போவ மாட்டேன். நாளைலேர்ந்து வராத."

அதற்குப் பிறகு பொன்னேரி வரை எந்தக் கடையும் அவரைச் சேர்க்கவில்லை. மூத்த மகளுக்கு நிச்சயமாகியிருந்த சம்பந்தம் நின்றுபோனது. சைக்கிளில் உப்பு விற்றார். காட்டூரில் அவர் மனைவி தெய்வநாயகி நாற்று நடப் போனார்.

ஒருநாள் நான் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது பொன்னுரங்கம் ஒரு கூடை மடவை மீனோடு வந்து நின்றார். வேலை போனது அவருக்குத் தெரியும், ஏன் போனது என்றுதான் தெரியவில்லை.

"அந்த பாயி இப்டிப் பண்ணுவார்னு நெனக்கல கணக்கப்புள்ள. நாங்க மட்டும் அன்னிக்கி வந்து சொல்லலன்னா உன்ன உள்ள தூக்கிப் போட்டிருப்பாங்க, இல்ல?"

நடந்ததைச் சொல்லிவிட வாயைத் திறந்தேன். மாசிலாமணி என் தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"ஆமா பொன்னுரங்கம்" என்றார். "நீங்க வந்ததாலதான் தப்பிச்சேன்."